கிராஃபிக்ஸ் கார்டு சொன்ன வேகத்தில் ஓடவில்லையா? சைட் பேனலைக் கழற்றிவிட்டு வாருங்கள்

கே: அண்ணா, ஆர்டிஎக்ஸ் 3080. கேம் ஆரம்பிச்சதும் 1900-க்கு மேல ஓடுது, இருபது நிமிஷத்துல 1650-க்கு வந்துடுது. டப்பால 1710-னு போட்டிருக்கு. கார்டு போச்சா?

ப: கார்டு போகவில்லை, மூச்சு முட்டுகிறது என்றுதான் நினைக்கிறேன். 1710 என்பது நிறுவனம் சொல்லும் பூஸ்ட் வேகம், குளுமையாக இருந்தால் கார்டு அதையும் தாண்டித்தான் ஓடும். சூடு ஏற ஏறப் பதினைந்து மெகாஹெர்ட்ஸ் வீதம் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும், 1900 போய் 1850 ஆனால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் இந்தக் கார்டுக்கு வழக்கமான வெப்ப இலக்கு 83 டிகிரி. அதைத் தொட்டதும் அதற்கு மேல் போகக்கூடாது என்று வோல்டேஜையும் வேகத்தையும் சேர்த்து வெட்டும். 1650 என்றால் அங்கே நிற்கிறீர்களோ என்று சந்தேகம். கேம் ஓடும்போது பின்னால் டெர்மினலில் இதை ஓட விடுங்கள்:

```
nvidia-smi --query-gpu=temperature.gpu,clocks.gr,power.draw,fan.speed --format=csv -l 1
```

வெப்பம் 83-லேயே ஒட்டிக்கொண்டு, பவர் 320 வாட்டிலிருந்து கீழே இறங்கியிருந்தால் சூடுதான் காரணம். வெப்பம் 70 சொச்சத்தில் இருக்க, பவர் மட்டும் 320-ல் முட்டி நின்றால் அது பவர் லிமிட், அதற்கு நீங்கள் பத்து ஃபேன் வாங்கினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது.

அடுத்து, காசு செலவில்லாத சோதனை. அதே கேம், அதே இடம், கேபினெட்டின் சைட் பேனலைக் கழற்றி வைத்துவிட்டு இருபது நிமிடம் ஓட்டுங்கள். ஏழெட்டு டிகிரி இறங்கினால் குற்றவாளி கேபினெட். இரண்டு மூன்றுதான் இறங்கியது என்றால் கார்டின் ஹீட்சிங்கில் தூசியா, பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் ஃபேன் வாங்காதீர்கள்.

கே: எத்தனை ஃபேன் போடணும்?

ப: முன்னால் இரண்டு உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. பெரும்பாலானவர்களுக்கு இது போதும்.

கே: முன்னால முழுக்க கண்ணாடி, ஓரத்துல மட்டும் ஒரு விரல் அளவு இடைவெளி. மூணு ஆர்ஜிபி ஃபேன் இருக்கு. போதாதா?

ப: ஃபேன் மூன்று, வாசல் ஒரு விரல். கணக்கைப் பாருங்கள். கார்டு 320 வாட், சிபியு 100 வாட் என்று வைத்தால் 420 வாட் சூட்டையும் காற்றுதான் வெளியே தூக்கிச் செல்ல வேண்டும். காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற, நிமிடத்துக்கு ஏறக்குறைய 75 கன அடி காற்று கேபினெட் வழியாக ஓட வேண்டும். டப்பாவில் ஒரு ஃபேனுக்கே ஐம்பது அறுபது என்று போட்டிருப்பார்கள், அது முன்னால் எந்தத் தடையும் இல்லாமல் அளந்தது. ஃபில்டரும் கண்ணாடியும் வந்தால் அதில் பாதிகூட நிற்காமல் போகலாம். தேவையான 75-ல் பாதிதான் ஓடினால் 10 டிகிரி 20 ஆகும். நம் ஊர் மே மாதத்தில் அறையே 35 என்றால் கார்டு குடிப்பது 55 டிகிரி வரை சூடான காற்று. குடிக்கும் காற்று ஒரு டிகிரி ஏறினால் சில்லும் கிட்டத்தட்ட ஒரு டிகிரி ஏறும். முன் பேனலைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், புரிந்துவிடும்.

கே: எத்தனை ஃபேன் சார் போடலாம்? ஏழு போதுமா?

ப: மேலே பாருங்கள்.

கே: அண்ணா, 3080 கேட்டவன்தான். பேனல் கழற்றினேன், 83-லிருந்து 73. கிளாக் 1860. ஆனா முன்னால மெஷ்தான், ரெண்டு 140 ஃபேன் இருக்கு, பின்னாலயும் ஒண்ணு. அப்புறம் ஏன்?

ப: இப்போதுதான் சுவாரசியம். கேம் ஓடும்போது அந்த ஃபேன்கள் எத்தனை ஆர்பிஎம்மில் சுற்றுகின்றன என்று பாருங்கள்.

கே: 600 காட்டுது.

ப: அவ்வளவுதான், பிடிபட்டது. மதர்போர்டு வழக்கமாக கேபினெட் ஃபேன்களை சிபியுவின் வெப்பத்தைப் பார்த்துத்தான் ஓட்டும். கேமில் உங்கள் சிபியு 60-ல் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும், அதனால் ஃபேன்களும் தூங்கும். பக்கத்தில் கார்டு வெந்துகொண்டிருப்பது அவற்றுக்குத் தெரியவே தெரியாது. பயாஸில் அந்த ஃபேன்களை நிலையாக 1100-க்கு வைத்துப் பாருங்கள், அல்லது கார்டின் வெப்பத்தைப் பார்த்து ஓட்டக்கூடிய FanControl போன்ற மென்பொருளைப் போடுங்கள். பேனலை மாட்டிவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

கே: சூடான காற்று மேலேதான் போகும், இது எட்டாம் வகுப்புப் பாடம். மேலே மூணு ஃபேனும் வெளியே தள்ளணும். நீங்க ஏன் அதைச் சொல்லவே இல்லை?

ப: பாடம் சரிதான், ஆனால் ஃபேன் சுற்றும் இடத்தில் அந்த மேல்நோக்கிய நகர்வு ஒரு பொருட்டே இல்லை. மேலே முன்பக்க மூலையில் வெளியே தள்ளும் ஃபேன் வைத்தால், முன்னால் வந்த புதுக்காற்றை அது கார்டையும் சிபியுவையும் தொடும் முன்பே பிடுங்கி வெளியே எறியும். மேலே பின்மூலையில் ஒன்று வைத்தால் தவறில்லை.

கே: நான் மூணும் வெளியே வெச்சிருக்கேன். முன்மூலை ஃபேனை நிறுத்தினா கார்டு 2 டிகிரி ஏறுது. மூணு தடவை பார்த்தாச்சு. பதில் சொல்லுங்க.

ப: என்ன கார்டு? அதன் வால்பக்கம் சர்க்யூட் போர்டு இல்லாமல் துளையாக இருக்கிறதா?

கே: ஆமா, பின்னால ஓட்டை, கீழேர்ந்து மேல வரைக்கும் தெரியும்.

ப: அப்படியென்றால் ஒத்துக்கொள்கிறேன், உங்கள் கார்டுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். வால்பக்க ஃபேன் காற்றை ஃபின்கள் வழியாக நேராக மேலே ஊதும் வகை அது. அந்த ஓட்டைக்கு நேர் மேலே இருக்கும் ஃபேன் அந்தச் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும். ஆனால் அந்த ஃபேன் ஓடும்போது சிபியு எவ்வளவு ஏறுகிறது என்று எழுதவில்லையே? அதையும் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு சண்டை போடலாம்.

கே: குறுக்கே வரேன். என்னோடது 4060, கேபினெட்டே இல்லாம மேஜைலயே வெச்சிருக்கேன். ஏர்ஃப்ளோ நல்லாத்தானே இருக்கும்?

ப: 115 வாட் கார்டு, நீங்கள் இந்தப் பஞ்சாயத்திலேயே இல்லை. பல்லி மட்டும் ஏறாமல் பாருங்கள்.

கே: புதுசா ரெண்டு ஃபேன் போட்டேன், சூடு கூடிடுச்சு!

ப: முன்னால் மாட்டியவை வெளியே ஊதுகின்றன என்று பந்தயம் கட்டுவேன். ஃபேனைப் பிடித்து நிற்கும் குறுக்குக்கால்கள் தெரியும் பக்கம்தான் வழக்கமாகக் காற்று வெளியேறும். முன்னால் ஒரு டிஷ்யூ பேப்பரைப் பிடியுங்கள், மெஷ்ஷில் ஒட்டினால் சரி, பறந்தால் திருப்பி மாட்டுங்கள்.

கே: எத்தனை ஃபேன் போட்டா நல்லது?

ப: சைட் பேனலைக் கழற்றினீர்களா? இல்லையா? கழற்றிவிட்டு வாருங்கள்.

கே: அண்ணா, 1100-ல வெச்சேன். பேனல் மாட்டி 76, கிளாக் 1830. சத்தம் கொஞ்சம் கேக்குது.

ப: 900-க்கு இறக்கிப் பாருங்கள். 79 வரை போனாலும் 1800-க்குப் பக்கத்தில் நிற்கும், போதும்.

கே: மேலே ஃபேன் விஷயம். முன்மூலை ஃபேன் ஓடினா சிபியு 5 டிகிரி ஏறுது. ஆனா கேம்ல எனக்கு கார்டுதான் முக்கியம்.

ப: அதற்கு என்னிடம் பதில் இல்லை, உங்கள் கேபினெட், உங்கள் விருப்பம். முன்மூலை ஃபேனை உள்ளே இழுக்கும்படி திருப்பி மாட்டியும் ஒருமுறை எண் எடுங்கள், அதையும் பார்த்துவிடுவோம்.