அந்தக் கை எதற்காக வருகிறது?

கேள்வி: கல்யாணமாகி 18 வருஷம் ஆகிறது. எனக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை தோன்றுகிறது, மனைவிக்கு மாதம் ஒருமுறைகூட வேண்டியிருப்பதில்லை. கேட்டால் சண்டை, கேட்காவிட்டால் மனசு கசக்கிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

நான் உங்கள் மனைவியின் பக்கத்தில் இருந்தவள், அங்கிருந்தே சொல்கிறேன். வயது 47, கல்யாணமாகி 22 வருஷம். வேண்டாம் என்று சொன்னது எப்போதும் நான்தான்.

எங்கள் வீட்டில் சண்டை படுக்கையறையில் ஆரம்பிக்கவில்லை, அடுப்படியில் ஆரம்பித்தது. ராத்திரி தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பேன். அவர் தண்ணீர் எடுக்க வருவார், போகிற போக்கில் என் தோளில் கை வைப்பார். அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை பட்டதும் என் மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்: இன்றைக்கு என்ன கிழமை, போன தடவை எப்போது, காலையில் ஐந்தரைக்கு எழ வேண்டுமே, மகள் தூங்கிவிட்டாளா, ஹாலில் மாமியார் விழித்திருக்கிறாரா. கணக்கு முடிவதற்குள் தோள் தானாக இறுகிவிடும். அவர் கையை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம், ஆனால் அவர் கேட்டு நான் மறுத்த மாதிரி ஆகிவிடும்.

இப்படியே நாலைந்து வருஷம். முதலில் அந்த விஷயம் குறைந்தது, அப்புறம் தோளில் கை வைப்பது நின்றது, அப்புறம் சோபாவில் பக்கத்தில் உட்காருவதும் நின்றது. அவருக்கு ஆசை கொடுத்துவிடுவோமோ என்று நான் விலகினேன். என்னைத் தொந்தரவு செய்கிறோமோ என்று அவரும் விலகினார். தொடுவது என்றாலே அதற்குத்தான் என்று ஆகிவிட்ட வீட்டில், அது வேண்டாதவர் எல்லாத் தொடுகையிலிருந்தும் ஓடத்தான் செய்வார். உங்கள் வீட்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. நீங்கள் அறைக்குள் வரும்போது மனைவி சட்டென்று தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொள்கிறாரா? நான் மூன்று வருஷம் அப்படி நடித்தேன். தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் மூச்சைச் சீராக விடுவதில் எனக்கு நல்ல பயிற்சி.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோதுதான் பேச்சு வந்தது. அவர் சொன்னார்: "நீ வேண்டாம்னு சொல்றதுகூடப் பரவாயில்லைம்மா. கை வெச்சா உன் தோள் கல்லு மாதிரி ஆகுதே, அதுதான் தாங்கல." நான் அழுதுவிட்டேன். ஏனென்றால் அது உண்மை, அதோடு அது அவருக்குத் தெரிகிறது என்பது எனக்குத் தெரியாது. இந்தப் பேச்சைப் படுக்கையில் ஆரம்பித்திருந்தால் இன்னொரு சண்டையாகத்தான் முடிந்திருக்கும். அங்கே எந்தப் பேச்சும் அடுத்து என்ன என்பதில் போய் நிற்கும்.

மறுவாரம் பெண்கள் நல மருத்துவரைப் பார்க்கப் போனேன். ஆசைக்காகப் போகவில்லை, மாதவிலக்கு தாறுமாறாக வந்ததற்காகப் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "சேரும்போது வலி இருக்கா?" இருந்தது. ஒரு வருஷமாக எரிச்சலும் வலியும். வயசானால் அப்படித்தான் போல என்று நான் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடமும் சொல்லவில்லை. மாதவிலக்கு நிற்கப்போகும் வருஷங்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏறி இறங்கி, பிறகு குறைந்துவிடும். அதனால் உறுப்பின் உள்தோல் மெலிந்து வறண்டுபோகும். வலிக்கும் என்று உடம்புக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால், அடுத்த தடவை ஆசை எங்கிருந்து வரும்? மருத்துவர் கொடுத்தது குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் க்ரீம். முதல் இரண்டு வாரம் தினம் ராத்திரி, அப்புறம் வாரத்துக்கு இரண்டு நாள். மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது, குறிப்பாக மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள். சேரும் நேரத்துக்குத் தனியாக, தண்ணீர் சார்ந்த வழுவழுப்பு ஜெல். மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது, கேட்க எனக்குத்தான் கூச்சம், என் கணவரே போய் வாங்கினார். தேங்காய் எண்ணெய் போதுமே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று: ஆணுறை பயன்படுத்துபவர்கள் எண்ணெய் பக்கமே போகாதீர்கள், லேடெக்ஸ் கிழிந்துவிடும்.

வலி போனது. ஆசை தானாக வந்ததா என்றால், இல்லை. இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. கனடாவில் ரோஸ்மேரி பாசன் என்ற மருத்துவர் 2000-ல் எழுதியது அது. பசி எடுத்துச் சாப்பிட உட்காருவது போல, ஆசை முதலில் வந்து பிறகு நெருக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நீண்ட நாள் சேர்ந்து வாழும் பலருக்கு, குறிப்பாகப் பல பெண்களுக்கு, அது தலைகீழ் என்கிறார். ஆசை ஒன்றும் இல்லாமல், மறுப்பும் இல்லாமல் உட்கார்ந்து, தொடுகை பிடித்துப்போன பிறகு ஆசை எழுகிறது. பசியில்லாமல் பந்தியில் உட்கார்ந்தவள் ரசம் ஊற்றியதும் சாப்பிட ஆரம்பிப்பாளே, அப்படி. எனக்கு ஆசையே செத்துவிட்டது என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒரு எச்சரிக்கை: ஆரம்பித்தால் வந்துவிடும் என்று இதைச் சாக்காக வைத்து மனைவியை வற்புறுத்தினால் எல்லாம் கெட்டுவிடும். மனமில்லாமல் சகித்துக்கொண்ட ஒவ்வொரு இரவும் அடுத்த மறுப்புக்குத்தான் வலுச் சேர்க்கும். நான் கடமைக்குச் சம்மதித்த காலம் உண்டு, அதுதான் எங்களை மிகவும் கெடுத்தது.

எங்களுக்கு உதவியது ஒரு பழைய பயிற்சி. அமெரிக்காவில் மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் வடிவமைத்து 1970-ல் வெளியிட்டது, பாலியல் சிகிச்சையில் இன்றும் சொல்லித் தருகிறார்கள். அதில் முதல் விதி, இத்தனை வாரத்துக்கு உடலுறவு கிடையாது என்று இருவரும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. வாரம் இரண்டு முறை, அரை மணி நேரம். பதினைந்து நிமிஷம் ஒருவர் மற்றவரைத் தொட வேண்டும், அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் கட்டத்தில் மார்பும் பிறப்புறுப்பும் விலக்கு. தொடுகிறவர் மற்றவரைச் சந்தோஷப்படுத்தப் பாடுபட வேண்டாம், தோல் சூடாக இருக்கிறதா, சொரசொரப்பா என்று தன் கைக்குத் தெரிவதைக் கவனித்தால் போதும். படுத்திருப்பவருக்கு ஒரே வேலைதான், பிடிக்கவில்லை என்றால் சொல்ல வேண்டும். சில வாரம் கழித்து விலக்கிய இடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம், உறவு மட்டும் கடைசியில்.

எங்களுக்கு நேரம் ஞாயிறு மதியம் மூன்று மணி. மாமியார் அப்போது ஓரகத்தி வீட்டுக்குப் போவார், மகளுக்கு டியூஷன். (ராத்திரி பத்தரைக்கு மேல் எனக்கு எதற்கும் தெம்பு கிடையாது. இது தெரிய எனக்கு இருபது வருஷம் ஆனது.) முதல் ஞாயிறு எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது. இரண்டாவது ஞாயிறு என் முறை வருவதற்குள் அவர் குறட்டை விட்டார். மூன்றாவது வாரம் தவறு நடந்தது. அவர் கை விலக்கு இடத்துக்குப் போனது, நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன், இரண்டு நாள் பேச்சில்லை. இதில் வழுக்குகிற இடம் இதுதான். விதி உண்மையான விதி என்று நம்பினால்தான் தோள் தளரும். இன்றைக்கு நன்றாகப் போகிறதே என்று ஒருமுறை மீறினால் பழைய கணக்கு திரும்பி வந்துவிடும். அவர் மன்னிப்புக் கேட்டார், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தோம். ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, விதியை மீறலாமா என்று கேட்டது நான். அவர்தான் வேண்டாம், இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்றார். அன்றைக்கு அவர் மேல் வந்த பிரியம் வேறு.

இப்போது எண்ணிக்கை என்ன என்று கேட்பீர்கள். எட்டு பத்து நாளுக்கு ஒருமுறை. அவருக்கு இன்னும் அடிக்கடி வேண்டும்தான், இடைவெளி முழுசாக மூடவில்லை. மிச்சத்தை அவர் தன்னளவில் பார்த்துக்கொள்கிறார், அதைப் பற்றிக் குற்ற உணர்வில்லாமல் பேசிக்கொள்ள எங்களுக்கு ஒரு வருஷம் பிடித்தது. நான் வேண்டாம் என்று சொல்லும்போது இப்போது வெறும் "வேண்டாம்" இல்லை, "இன்னைக்கு முடியலைங்க, ஞாயித்துக்கிழமை" என்று ஒரு நாளையும் சொல்லிவிடுவேன். சொன்ன நாளில் பெரும்பாலும் என் மனமும் கூடவே வருகிறது. வராத நாளில் பக்கத்தில் படுத்திருப்பதோடு சரி.

எண்ணிக்கையைக் கூட்டுவதே குறி என்று இறங்காதீர்கள். 2015-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 64 தம்பதிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதில் பாதிப் பேரிடம், வழக்கத்தைவிட இரண்டு மடங்காக மூன்று மாதம் சேர்ந்திருங்கள் என்றார்கள். அவர்கள் எண்ணிக்கையை நிஜமாகவே கூட்டினார்கள், ஆனால் சந்தோஷம் கூடவில்லை, கொஞ்சம் குறையவே செய்தது. ஆசையும் குறைந்ததாகச் சொன்னார்கள். சொல்லிச் செய்தால் வீட்டுப்பாடம்தானே.

சில வீடுகளில் இது மாறியிருக்கும், வேண்டும் என்பவர் மனைவி. அவருக்கு இரட்டை வேதனை, வெளியே சொல்லவும் முடியாது. அங்கே கணவருக்குச் சர்க்கரை இருக்கிறதா, மன அழுத்தத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். சில மாத்திரைகள் ஆசையை அமுக்கிவிடும். தானாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேட்டால் பல சமயம் மாற்றித் தருவார்கள். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனுக்குப் பரிசோதனை எழுதினால் காலையில் போய் ரத்தம் கொடுக்கச் சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் அளவு இறங்கிவிடும்.

எங்கே போவது என்று தெரியாவிட்டால் பெண்கள் நல மருத்துவர், அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. மாதத்தில் இந்தத் தேதி இந்த ஊர் லாட்ஜில் பார்க்கலாம் என்று விளம்பரம் போடுபவர்களிடம் மட்டும் வேண்டாம். என் கணவர் எனக்குத் தெரியாமல் அப்படி ஒருவரிடம் போய் லேகியம் வாங்கி வந்திருக்கிறார், அதுவும் எனக்குக் கொடுக்க. பரண் சுத்தம் செய்தபோது டப்பா கிடைத்தது, பாதிகூடக் காலியாகவில்லை. எதில் கலந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். காபியில் என்றார். அந்த மாசம் காபி கசக்கிறது என்று பால்காரரோடு நான் போட்ட சண்டை எல்லாம் வீண்.