குருதிப் பூச்சில் உடைந்த செங்குழியங்கள்

"அம்மாவின் இரத்த அறிக்கையில் 'சிஸ்டோசைட் உண்டு, சில இலக்குக் குழியங்கள், பிளாஸ்ட் இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். எதற்குப் பயப்பட வேண்டும்?"

சிஸ்டோசைட்டுக்குத்தான். நுண்ணிய குருதிக் குழாய்களில் உறைந்த குருதிக் கட்டிகள் படிந்தால், அவற்றில் மோதும் செங்குழியம் அறுபட்டுத் தலைக்கவசம் போலவோ கொம்பு முளைத்த துண்டாகவோ வெளிவரும்; அந்தத் துண்டுதான் சிஸ்டோசைட். கண்ணாடியில் மெல்லத் தடவிய குருதிப் பூச்சில் செங்குழியங்கள் ஒற்றைப் படையாகப் பரவிய இடத்தில் 1000 எண்ணுவோம். துண்டுகள் 1 சதவீதத்தைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

கொழும்பில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்குக் காய்ச்சலும் தடுமாற்றமும் உள்ள ஒரு பெண்ணின் மாதிரி வந்தது. சிறுதட்டுகள் 14,000 மட்டுமே. எல்லாரும் டெங்கு என்றே நினைத்தார்கள். பூச்சில் 1000க்கு 32 துண்டுகள். உறைவு நேரமோ இயல்பாக இருந்தது; குருதி உறைவுக் காரணிகள் தீர்ந்துபோகும் நோயில் அது நீண்டிருக்கும். ஆகவே உடலெங்கும் நுண்குழாய்களில் கட்டிகள் படிந்து சிறுதட்டுகள் குறையும் டிடிபி என்ற நோயை ஐயுற்று உடனே வார்டுக்குத் தொலைபேசினோம். அதற்குப் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையை உறுதிப் பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல் தொடங்குவார்கள். விரியன் கடித்த பின்னும் இதே துண்டுகளைக் காணலாம்.

நடுவில் பொட்டு வைத்தாற்போன்ற இலக்குக் குழியம் பரம்பரை இரத்தசோகையான தலசீமியாவிலும் ஈரல் நோயிலும் வரும். ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் மெல்லக் காய்ந்த பூச்சும் அதைப் போலியாக உண்டாக்கும். கண்ணாடியின் ஒரு மூலையில் மட்டும் குவிந்திருந்தால் நான் நம்புவதில்லை.

பிளாஸ்ட் என்பது முதிராத வெண்குழியம். அது இருந்திருந்தால் முதலில் லுகேமியாவைத் தேடியிருப்பார்கள். அம்மாவின் சிறுதட்டு எண்ணிக்கையும் குறைந்திருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.