சுருள்வட்டப் பாதை: ஆரம், புரியிடைத் தூரம், ஆய்வகத்தில் வரும் சிக்கல்கள்

பதில் சொல்பவர் கடலூரில் கல்லூரி மாணவர்களுக்கு மின்காந்தவியல் செய்முறை நடத்துபவர்.

பிளஸ் டூ மாணவி, கடலூர் முதுநகர்: "சார், 500 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் 2 மில்லிடெஸ்லா புலத்துக்குள் 30 டிகிரி சாய்வாக நுழைகிறது. எனக்கு ஆரம் 3.8 செ.மீ. வருகிறது. விடையில் 1.9 போட்டிருக்கிறார்கள். எங்கே தவறு?"

திசைவேகத்தைப் பிரிக்காமல் அப்படியே போட்டிருக்கிறாய் அம்மா. விடை சரியாக இரண்டு மடங்காக வந்திருப்பதே அதைக் காட்டிக் கொடுக்கிறது, sin 30° அரைதானே.

500 வோல்ட்டில் எலக்ட்ரானின் வேகம் 1.33 × 10⁷ மீ/வி. புலத்துக்குச் செங்குத்தான கூறு v sin 30° = 6.63 × 10⁶. புலத்தோடு இணையான கூறு v cos 30° = 1.15 × 10⁷. காந்த விசை செங்குத்துக் கூறை மட்டுமே வளைக்கும். இணைக் கூறை அது தொடுவதே இல்லை. ஆகவே ஆரத்துக்குள் செங்குத்துக் கூறு மட்டும் போகும்:

r = m v sin θ / (eB) = 1.89 செ.மீ.

ஒரு சுற்றுக்கான நேரம் T = 2πm/(eB) = 17.9 நானோ நொடி. அந்த நேரத்தில் எலக்ட்ரான் புலத்தின் வழியே முன்னேறும் தூரம்தான் புரியிடைத் தூரம்:

p = v cos θ × T = 20.5 செ.மீ.

முடித்ததும் 2πr-ஐ tan θ-வால் வகுத்துப் பார். அதே 20.5 வந்தால் sin, cos இடம் மாறவில்லை என்று அர்த்தம். கேள்வியில் கோணத்தைப் புலத்திலிருந்து கொடுத்திருக்கிறார்களா, புலத்துக்குச் செங்குத்தான தளத்திலிருந்து கொடுத்திருக்கிறார்களா என்பதையும் ஒருமுறை படித்துக்கொள். இரண்டாவது வகையில் கேட்டால் இதே எண்களுக்கு ஆரம் 3.27 செ.மீ., புரியிடைத் தூரம் 11.8 செ.மீ. என்று ஆகிவிடும்.

டியூஷன் ஆசிரியர், நெல்லிக்குப்பம்: "கோணம் கூடினால் வட்டம் பெரிதாகும், அதனால் ஒரு சுற்றுக்கு நேரமும் கூடும், அதனால்தான் புரியிடைத் தூரம் மாறுகிறது. இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறேன். சரிதானே?"

முதல் பாதி சரி சார், இரண்டாவது பாதியை மாற்றிச் சொல்ல வேண்டும். வட்டம் எத்தனை மடங்கு பெரிதாகிறதோ, அதைச் சுற்றும் வேகமும் அத்தனை மடங்கு கூடுகிறது. அதனால் நேரம் மாறுவதில்லை. மேலே உள்ள கணக்கில் கோணத்தை 30-லிருந்து 60 டிகிரியாக ஏற்றினால் ஆரம் 1.89-லிருந்து 3.27 ஆகிறது, நேரம் அதே 17.9 நானோ நொடி. புரியிடைத் தூரம் 20.5-லிருந்து 11.8 ஆகக் குறைவதற்கு cos θ குறைந்தது மட்டுமே காரணம். நீங்கள் சொல்வதுபோல் நேரம் கூடியிருந்தால் அது இவ்வளவு குறைந்திருக்காது.

நேரம் கூடும் இடம் ஒன்று உண்டு. 50 கிலோவோல்ட் போன்ற உயர் அழுத்தத்தில் முடுக்கினால் சார்பியல் விளைவால் சுற்றுக்காலம் ஏறக்குறைய 10 சதவீதம் நீளும். அதுவும் மொத்த வேகத்தைப் பொறுத்ததுதான், கோணத்தைப் பொறுத்தது இல்லை.

டிவி மெக்கானிக், வில்லியனூர்: "பழைய பிக்சர் டியூப் டிவி பக்கத்துல பெரிய ஸ்பீக்கர் வச்சா ஒரு மூலையில கலர் கெட்டுப்போகும். அங்கயும் எலக்ட்ரான் இப்படி சுருண்டு சுருண்டுதான் போகுதா?"

இல்லை அண்ணே, அங்கே ஒரு சுற்றுகூட முடியாது. கலர் டியூபில் 25 கிலோவோல்ட் அளவுக்கு முடுக்கம் இருக்கும். ஸ்பீக்கரிலிருந்து கசியும் புலம் 1 மில்லிடெஸ்லா என்று வைத்துக்கொண்டாலும் ஆரம் அரை மீட்டருக்கு மேல் வரும். டியூபுக்குள் அதற்கு இடம் ஏது? கதிர் லேசாக வளைந்து, சிவப்புப் புள்ளியில் விழ வேண்டியது பக்கத்துப் பச்சையில் விழுகிறது. அதோடு ஸ்பீக்கர் புலம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே மேலே எழுதிய புரியிடைத் தூரக் கணக்கு அங்கே செல்லாது.

பி.எஸ்ஸி. மாணவர், லாஸ்பேட்டை: "சுருள்வட்ட முறையில் எலக்ட்ரானின் மின்னூட்ட-நிறை விகிதமான e/m எடுத்தேன். எனக்கு 0.42 × 10¹¹, பக்கத்து டேபிள் நண்பனுக்கு 1.58 × 10¹¹. வர வேண்டியது 1.76. டியூப் பழுதா சார்?"

உங்கள் டியூப் நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. 1.76-ஐ நான்கால் வகுத்தால் 0.44. நீங்கள் இரண்டாவது குவிப்பை முதலாவது என்று எடுத்திருக்கிறீர்கள்.

இந்தச் சோதனையில் விலக்கத் தகடுகளுக்கு ஏசி கொடுப்பதால் எலக்ட்ரான்கள் வெவ்வேறு சிறு கோணங்களில் கிளம்புகின்றன. கோணம் சிறியது என்பதால் cos θ எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ 1. ஆரம் ஆளுக்கொன்றாக இருந்தாலும் புரியிடைத் தூரம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. தகட்டுக்கும் திரைக்கும் உள்ள தூரம் L அந்தப் புரியிடைத் தூரத்துக்குச் சமமானதும் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேரும். அதிலிருந்து வருவதுதான் e/m = 8π²V/(B²L²). புலத்தை இரட்டித்தால் இரண்டு சுற்று முடித்து மறுபடியும் குவியும். அந்த B-யை இந்தச் சமன்பாட்டில் போட்டால் விடை கால் பங்காகத்தான் வரும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? புலத்தைத் தரும் கம்பிச் சுருளின் மின்னோட்டத்தைச் சுழியிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். திரையில் தெரியும் கோடு சுருங்கிக்கொண்டே திரும்பும். அது அரைச் சுற்று திரும்பிப் புள்ளியாகும் இடமே முதல் குவிப்பு. பாதியில் தொடங்கித் தேடினால் எத்தனையாவது என்று தெரியாமல் போய்விடும்.

நண்பரின் கணக்கில் சமன்பாடு சரி, B தவறாக இருக்கலாம். அவர் B = μ₀nI என்று போட்டிருப்பார். அது முடிவில்லா நீளமுள்ள சுருளுக்கு. 30 செ.மீ. நீளமும் 5 செ.மீ. ஆரமும் உள்ள சுருளின் நடுவிலேயே உண்மையான புலம் அதில் 0.95 பங்குதான். B இருபடியாக வருவதால் e/m 10 சதவீதம் குறையும், 1.58 கிடைக்கும். ஆனால் உங்கள் சுருளின் அளவு எனக்குத் தெரியாது. அளந்து பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். L-ஐயும் கவனியுங்கள்: X தகட்டுக்கும் Y தகட்டுக்கும் L வேறு. 15 செ.மீ.யில் 2 மி.மீ. தவறினால் விடை கிட்டத்தட்ட 3 சதவீதம் நகரும்.

ஆய்வக உதவியாளர், திருப்பாதிரிப்புலியூர்: "கம்யூட்டேட்டரைத் திருப்பிச் சுருளின் கரண்ட் திசையை மாற்றினால் குவிப்புக்கான கரண்ட் 0.99, 1.01 ஆம்பியர் என்று மாறுகிறது. எதை எழுதச் சொல்வது?"

இரண்டின் சராசரியை எழுதச் சொல்லுங்கள். அந்த வித்தியாசம் புவிக் காந்தப்புலத்தால் வருவது. நம் பக்கம் அது சுமார் 0.04 மில்லிடெஸ்லா. காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால், கடலூரிலும் புதுச்சேரியிலும் அது கிட்டத்தட்ட கிடைமட்டமாகவே வடக்கு நோக்கிக் கிடக்கிறது. 1000 வோல்ட்டில், L 15 செ.மீ. என்றால், குவிக்கத் தேவை 4.47 மில்லிடெஸ்லா. டியூபை வடக்கு தெற்காக வைத்தால் புவிப் புலம் அதோடு 1 சதவீதம் கூடும் அல்லது குறையும். ஒரு திசையில் மட்டும் எடுத்தால் e/m 2 சதவீதம் தவறும்.

கிழக்கு மேற்காகத் திருப்பி வையுங்கள், இரண்டு அளவுகளும் நெருங்கிவிடும்.

அதே லாஸ்பேட்டை மாணவர்: "முதல் குவிப்பைப் பிடித்துவிட்டேன் சார், 1.7 வருகிறது. ஆனால் புள்ளி கூர்மையாக இல்லை, சிறு மங்கலாகவே நிற்கிறது."

அதற்குக் காரணம் ஒன்றாக இருக்காது. ஏசி விலக்கம் அதிகமாக இருந்தால் ஓரத்து எலக்ட்ரான்களுக்கு cos θ குறைந்து அவை சற்று முன்பே குவியும். முடுக்கு மின்னழுத்தத்தில் சிற்றலை இருந்தாலும் வேகம் சிதறி மங்கும். துப்பாக்கியின் ஃபோகஸ் சரியில்லாவிட்டாலும் இப்படித்தான் தெரியும். ஏசியைப் பாதியாகக் குறைத்து, மின்னோட்டத்தை மறுபடி சரிசெய்து பாருங்கள். மங்கல் சுருங்கினால் கோணம்தான் காரணம். சுருங்காவிட்டால், ஏசியை முழுதும் நிறுத்தி, புலமும் இல்லாமல் புள்ளி எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று திரையில் அளந்து எழுதுங்கள். மற்ற இரண்டில் எது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.