எந்தப் பூசணி?

வணக்கம் அக்கா, உங்கள் பூசணிக்காய் மோர்க்குழம்பைச் செய்தேன். காய் கரைந்து, குழம்பு இனித்துக் கிடந்தது. எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பூசணி என்றால் மஞ்சள்தான். நீங்கள் சொன்னது தடியங்காய் என்று பிறகுதான் புரிந்தது. தடியங்காய் என்று தேடியபோது உங்கள் குறிப்பு வரவே இல்லை. எல்லா ஊர்ப் பெயரையும் போட்டுவிடக் கூடாதா?

அன்புள்ள தங்கைக்கு,

தப்பு என்னுடையது. வெறும் ‘பூசணி’ என்று எழுதியிருக்கக் கூடாது. மஞ்சள் காயைப் பரங்கி என்றும் கொங்கு நாட்டில் அரசாணி என்றும் சொல்கிறவர்களுக்குப் பூசணி என்றால் வெள்ளைதான். உங்களுக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் அது மஞ்சள். வெள்ளைக் காயை அவர்கள் நீற்றுப்பூசணி என்பார்கள்.

நிலக்கடலையில் இந்தச் சிக்கல் இல்லை. வேர்க்கடலை, மல்லாட்டை, கச்சான் என்று எந்தப் பெயரில் வந்தாலும் வாங்கப்போவது ஒரே பருப்புதான். அங்கே பெயர்களை அடுக்கலாம். பூசணியில் ஒரே பெயர் இரண்டு காய்களைக் குறிக்கிறது. பெயரை மட்டும் கூட்டினால் இன்னும் பலர் வந்து தவறான காயை வாங்குவார்கள்.

அதனால் குறிப்பை இப்படி மாற்றியிருக்கிறேன். தலைப்பில் ‘வெள்ளைப் பூசணி மோர்க்குழம்பு’. பொருள் பட்டியலில் ‘வெள்ளைப் பூசணி, கால் கிலோ. தடியங்காய், நீற்றுப்பூசணி என்பதும் இதுவே’. அடுத்த வரியில் அடையாளம்: முற்றிய காயின் தோலில் சாம்பல் பூத்திருக்கும், வெட்டினால் சதை வெள்ளை. ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் காய் மாறாது. அதனால் பெயரைவிட இந்த வரியைத்தான் நான் நம்புகிறேன். அப்புறம், ‘மஞ்சள் பூசணி வேண்டாம், குழைந்து இனித்துவிடும்’ என்றும் சேர்த்தேன். வெள்ளைக் காயில் நீர் அதிகம், இனிப்பு இல்லை. துண்டுகள் கண்ணாடி மாதிரி ஆனதும் மோர்க்கலவையை ஊற்றலாம்.

செய்முறையில் தலைப்பிலுள்ள பெயர் மட்டுமே வரும். ஒரு வரியில் தடியங்காய், அடுத்ததில் பூசணி என்றால், அடுப்படியில் நிற்பவர் இரண்டு காய் வேண்டுமோ என்று குழம்பிப்போவார். தலைப்பிலும் ஒரு பெயர் போதும்.

தேடலுக்காக இன்னொன்றும் செய்தேன். முன்பு ஒரே ஓர் இடத்தில் ‘தடியங்காயிலும் செய்யலாம்’ என்று எழுதியிருந்தேன். உருபு ஒட்டிய சொல்லைத் தேடல் தவறவிடலாம். இப்போது பட்டியலில் தடியங்காய் தனிச்சொல்லாக நிற்கிறது. பேச்சில் சொல்கிறபடி ‘நீத்துப்பூசணி’ என்று தட்டுகிறவர்களுக்காக அதையும் ஒரு தடவை எழுதியிருக்கிறேன்.

எல்லாப் பெயரும் என்றால் சம்மதம் இல்லை. எந்த ஊரில், எந்தக் காய்க்கு என்று அந்த ஊர்க்காரர் ஒருவர் சொல்லி உறுதியான பெயரை மட்டும்தான் சேர்ப்பேன். தடியங்காயை உங்கள் கடிதத்தை நம்பித்தான் பட்டியலில் ஏற்றினேன். இனி உள்ளி வரும் குறிப்புகளைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது பூண்டு, கன்னியாகுமரிப் பக்கம் வெங்காயம்.