மொத்த ஹெட் குறைகிறதே, வைவாவில் என்ன சொல்வது?

"அடுத்த வாரம் ஃப்ளூயிட் லேப் தேர்வு. பெர்னூலி சோதனையில் மொத்த ஹெட் மாறக் கூடாதாம். எனக்கு 45-லிருந்து 41 செ.மீ.க்கு இறங்குகிறது. அளவைத் திருத்திவிடட்டுமா? அனுமானங்களைக் கேட்டால் என்ன சொல்வது?"

திருத்தாதீர்கள். இறங்குவதுதான் சரி. p/ρg + v²/2g + z மாறாது என்பது, பாகுநிலை இல்லாத திரவத்துக்கு. உங்கள் குழாயில் ஓடுவது நிஜத் தண்ணீர்.

விநாடிக்கு 600 க.செ.மீ. ஓட்டம் என்று வையுங்கள். நுழைவாயில் 6 ச.செ.மீ., வேகம் 100 செ.மீ., வேக ஹெட் 5.1. பீசோமீட்டரில் 40 இருந்தால் மொத்தம் 45.1. தொண்டை 3 ச.செ.மீ., வேகம் இரட்டிப்பு, வேக ஹெட் 20.4. பீசோமீட்டர் 23 காட்டினால் மொத்தம் 43.4. வெளிவாயிலில் மறுபடி 6 ச.செ.மீ.; பீசோமீட்டர் 35.5, மொத்தம் 40.6. குறுகும் பகுதியில் 1.7 போயிற்று, விரியும் பகுதியில் 2.8. விரியும்போது ஓட்டம் சுவரை ஒட்டி ஓடத் திணறிச் சுழல்வதால் அங்கேதான் இழப்பு அதிகம்.

"எந்த அனுமானம் இங்கே உடைகிறது?" என்று கேட்டால், "உராய்வில்லை என்பது சார்" என்று சொல்லி இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

"சீரான ஓட்டம் என்று எப்படித் தெரிந்தது?" மேல்தொட்டி நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது, நுழைவாயில் பீசோமீட்டர் நகராமல் நின்ற பிறகே அளவெடுத்தேன் என்று சொல்லுங்கள். அது நகர்ந்துகொண்டிருந்தால் கணக்கே செல்லாது.

"அடர்த்தி மாறாது என்றால், காற்றுக்குப் பொருந்தாதா?" இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பொருந்தும். அழுத்த முடிகிற பொருள் என்பது வேறு, இந்த ஓட்டத்தில் அடர்த்தி மாறுகிறதா என்பது வேறு. ஒலியின் வேகத்தில் 0.3 பங்குக்குள், அதாவது விநாடிக்குச் சுமார் 100 மீட்டருக்குள், காற்றின் அடர்த்தி 5 சதவீதத்துக்கும் குறைவாகவே மாறும். ஆகவே மின்விசிறிக் காற்றுக்குப் பயன்படுத்தலாம், ஜெட் விமானத்தின் வேகத்துக்குக் கூடாது. "காற்று என்றாலே தவறு" என்று சொல்லிவிடாதீர்கள்.

ஜெராக்ஸ் கடையில் விற்கும் வைவா கைடை நம்ப வேண்டாம். "ஐடியல், ஸ்டெடி, இன்கம்ப்ரசிபிள்" என்று மூன்று சொல்லோடு அது நின்றுவிடும். அதைவிட மோசம், எண்களோடு எழுதித் தரும் ரெடிமேட் ரெக்கார்டு. அதில் மூன்று இடத்திலும் மொத்தம் 45.1 என்றே இருக்கும். குழாயைத் தொட்ட எவருக்கும் அந்த அளவு வராது; தேர்வாளர் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார். ஒரு மேஜைக்குப் பத்துப் பேரை நிறுத்தி, வால்வைத் திருப்பக்கூட விடாத கல்லூரிகள்தான் இந்த வியாபாரத்தை வளர்க்கின்றன. எனக்கு இதில் கோபம்தான். உங்கள் கையால் எடுத்த அந்த 41-ஐ அப்படியே எழுதுங்கள்.