ஸ்கூலுக்கு கொட்டேஷன் போடுறது: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

பதினாலு வருஷமா ஸ்கூல், டிரஸ்ட், சின்ன சங்கங்களுக்கு வெப்சைட்டும் பிரிண்டிங்கும் செஞ்சு குடுக்குறேன். சாயங்காலம் வரைக்கும் இருப்பேன்.

கேள்வி: அண்ணா, இப்பதான் தொழில் ஆரம்பிச்சிருக்கேன். எங்க ஊர் மெட்ரிக் ஸ்கூல்ல வெப்சைட்டுக்கு கொட்டேஷன் கேக்குறாங்க, 36,000 சொல்லலாம்னு இருக்கேன். என்னென்ன எழுதணும்?

ஒரு பக்கம் போதும் தம்பி. ஆனா "ஸ்கூல் வெப்சைட் – 36,000"னு ஒரே வரியில போட்டுடாதீங்க, அப்புறம் அவங்க மனசுல இருக்கிற எல்லாமே அந்த 36,000-க்குள்ள வந்துடும்.

எண்ணி எழுதுங்க. பத்து பக்கம், தமிழ் இங்கிலீஷ் ரெண்டுலயும். போட்டோ 40 வரைக்கும். திருத்தம் ரெண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் எல்லாத்தையும் சேர்த்து ஒரே லிஸ்ட்டா தரணும். ஆபீஸ் ஸ்டாஃப் ஒருத்தருக்கு ரெண்டு மணி நேரம் சொல்லிக்குடுக்கிறது. டொமைனும் ஹோஸ்டிங்கும் முதல் வருஷத்துக்கு மட்டும், ரெண்டாவது வருஷத்துல இருந்து ரினியூவல் ஸ்கூலோட செலவு.

அதுக்கு கீழயே "இதுல சேராதது"ன்னு ரெண்டு வரி: போட்டோ எடுக்கிறது, லோகோ, தமிழ் டைப்பிங். டைப்பிங்கை விட்டுடாதீங்க, ஏன்னா ஸ்கூல்ல தமிழ் மேட்டர் பெரும்பாலும் பாமினியிலயோ வானவில்லயோ அடிச்ச பழைய ஃபைலாத்தான் வரும், வெப்சைட்ல ஒட்டினா வெறும் கிறுக்கலாத்தான் தெரியும். அதை யூனிகோடுக்கு மாத்தி, மாத்துறப்ப உடையுற எழுத்தையெல்லாம் உக்காந்து சரி பண்றதுக்குள்ள ரெண்டு நாள் போயிடும். "யூனிகோடில் தர வேண்டும், இல்லையென்றால் பக்கத்துக்கு இவ்வளவு"ன்னு முன்னாடியே போட்டுடுங்க.

பணத்தை மூணா பிரிங்க. ஒர்க் ஆர்டரோட 14,400. முழு சைட்டையும் தற்காலிக லிங்க்ல காட்டின நாள்ல இருந்து 7 நாளுக்குள்ள 14,400. மீதி 7,200, சைட்டை ஒப்படைக்கும்போது அல்லது லிங்க் குடுத்து 45 நாள், எது முன்னாடி வருதோ அப்போ.

அந்த "எது முன்னாடி வருதோ"தான் முக்கியம். என்னோட மூணாவது வேலையில "வேலை முடிந்ததும் மீதி"ன்னு எழுதிட்டேன். ஆண்டு விழா போட்டோ வந்தா முடிஞ்சிடும்னாங்க, விழா தள்ளிப்போச்சு, அப்புறம் பரீட்சை, அப்புறம் லீவு. சைட் ஜனவரியிலயே ரெடி, கடைசி பணம் கைக்கு வந்தது ஆகஸ்ட்ல. அவங்க ஏமாத்தல, நான் எழுதின வார்த்தைப்படி வேலை முடியல, அவ்ளோதான். அதனால எந்தத் தவணையையும் அவங்க செய்யவேண்டிய காரியத்துல மட்டும் தொங்கவிடாதீங்க, பக்கத்துல ஒரு நாள் கணக்கு இருக்கணும்.

கடைசியில "மேற்கண்டபடி ஏற்றுக்கொள்கிறோம்"னு போட்டு கையெழுத்து, சீல், தேதிக்கு இடம் விடுங்க. அங்க தாளாளர் கையெழுத்து வேணும், கம்ப்யூட்டர் சாரோடது பத்தாது.

கேள்வி: வேலிடிட்டி 15 நாள்னு போட்டுட்டேன், அந்த 15 நாளும் விலையை மாத்தவே முடியாதா? டைரி பிரிண்டிங் ஆர்டர், பேப்பர் விலை ஏறுது.

1872 ஒப்பந்தச் சட்டப்படி அவங்க ஏத்துக்கிறதுக்கு முன்னாடி எப்ப வேணும்னாலும் நீங்க வாபஸ் வாங்கலாம், 15 நாளுக்குள்ளயா இருந்தாலும். விலையை அப்படியே வெச்சிருக்கிறதுக்குன்னு அவங்ககிட்ட தனியா காசு வாங்கியிருந்தா மட்டும் கதை வேற. ஆனா அவங்க கையெழுத்து போட்டு அனுப்பிட்டா முடிஞ்சது, பேப்பர் விலை உங்க தலைவலி. மாத்துறதா இருந்தா இன்னைக்கே எழுத்துல அனுப்புங்க, போன்ல சொல்லிட்டு விடாதீங்க.

இன்னொண்ணு. "ஓகே, ஆனா ஹோஸ்டிங் ரெண்டு வருஷம் ஃப்ரீ"ன்னு எழுதி கையெழுத்து போட்டா அது சம்மதம் இல்ல, அவங்க வைக்கிற புது ஆஃபர். கவனிக்காம வேலையை ஆரம்பிச்சா நீங்க அதை ஒத்துக்கிட்டதா ஆயிடும்.

எத்தனை நாள்னா, பிரிண்டிங்குக்கு 15 சரி. வெப்சைட்டுக்கு நான் 30 போடுவேன், கமிட்டி மாசம் ஒரு தடவை கூடுற டிரஸ்ட்டுக்கு 15 நாள் குடுத்தா பேப்பர் மேசைக்கு வர்றதுக்குள்ளயே காலாவதி. "30 நாள்"னு விடாம கடைசி தேதியையே போடுங்க.

கேள்வி: ஃபார்மேட் இருந்தா அனுப்புங்க சார்.

முதல் பதில்ல இருக்கு.

கேள்வி: எனக்கு ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பெரிய ஸ்கூல்ங்கிறதால 18% சேர்த்து போட்டா மதிப்பா இருக்குமா?

போடாதீங்க. பதிவு இல்லாதவர் வரின்னு சொல்லி ஒரு ரூபாகூட வாங்கக்கூடாது. "ஜிஎஸ்டி பதிவு இல்லை, வரி இல்லை"ன்னு நேரா எழுதுங்க, பல ஸ்கூலுக்கு அதுதான் வசதி, கட்டுற வரியை அவங்களால திரும்ப எடுக்க முடியாது.

கேள்வி: கடைசி காசு தராதவங்களுக்கு ஒரே வழிதான். டொமைனை என் பேர்லயே வாங்கி வெச்சுக்குவேன், தரலைன்னா ஆஃப். இதையும் எழுதுங்க அண்ணே.

எழுத மாட்டேன். டொமைன் ஸ்கூல் பேர்ல, ஸ்கூல் ஈமெயில்ல இருக்கணும், கொட்டேஷன்லயே அதை ஒரு வரியா போடணும். அது அவங்க பேர், உங்க அடமானம் இல்ல.

கேள்வி: நான் ஸ்கூல் ஆபீஸ்ல கிளார்க். எங்களுக்கு இதுவே நடந்துச்சு, செஞ்சவர் ஊரை விட்டே போயிட்டார், அட்மிஷன் சமயத்துல சைட் நின்னுடுச்சு, பணம் பாக்கிகூட இல்ல. இப்ப என்ன பண்றது?

மேடம், டொமைன் எந்த கம்பெனியில பதிவாகியிருக்குன்னு பாருங்க. பழைய பில், ஸ்கூல் பதிவுப் பத்திரத்தோட அவங்களுக்கு எழுதுங்க. கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாது. இதுக்காகத்தான் அந்த ஒரு வரியை இவ்ளோ சொல்றேன்.

கேள்வி: அப்ப என் 7,000 யார் தருவா? நீங்க தருவீங்களா?

கோவம் புரியுது. ரெண்டாவது தவணை வர்ற வரைக்கும் சைட்டை தற்காலிக லிங்க்லயே வைங்க, ஸ்கூல் டொமைன்ல ஏத்தாதீங்க. அது நியாயம்தான், எழுதியும் வைக்கலாம். அதுக்கப்புறம் மாட்டுறது 20% மட்டும்.

கேள்வி: உதயம் பதிவு இருந்தா 45 நாள்ல குடுத்தே ஆகணும் சார், சட்டம் இருக்கு. எதுக்கு இவ்ளோ எழுதணும்?

சட்டம் இருக்கு, 2006-ல வந்தது, லேட் ஆனா வட்டியும் உண்டு. ஆனா பதிவு வேலைக்கு முன்னாடியே இருக்கணும், தரலைன்னா கவுன்சில்ல மனு போட்டு நடக்கணும். அங்கயும் கையெழுத்து போட்ட கொட்டேஷனைத்தான் கேப்பாங்க.

கேள்வி: 20%-ம் காசுதானே. நான் டொமைனை விடமாட்டேன்.

சரி, உங்க முடிவு. நான் மாறல.

கேள்வி: பையன் காலேஜ் லோனுக்கு பேங்க்ல கொட்டேஷன் கேக்குறாங்க, எப்படி எழுதறது?

அது நீங்க எழுதுறது இல்லம்மா. காலேஜ் ஆபீஸ்ல வருஷவாரியா ஃபீஸ் விவரம் லெட்டர்ஹெட்ல கேளுங்க.

கேள்வி: ஸ்கூல்ல அட்வான்ஸே தர மாட்டாங்க, ரூல் இருக்கு. நீங்க 40% எழுதச் சொல்றீங்க?

அரசுப் பள்ளின்னா பாதி சரி, அங்க பொதுவா சப்ளை பண்ணி பில் குடுத்த பிறகுதான் பணம். தனியார் டிரஸ்ட் ஸ்கூல்ல அது நிர்வாகத்தோட வழக்கம், பேசினா மாறும். 40% தயங்கினா 25%-க்கு இறங்குங்க, ஆனா ஒர்க் ஆர்டர் இல்லாம டொமைன்கூட வாங்காதீங்க.

கேள்வி: சார் ஃபார்மேட்?

முதல் பதில். முழுசா படிங்க, ப்ளீஸ்.

கேள்வி: அண்ணா, முதல் கேள்வி கேட்டது நான்தான். தாளாளர் 30,000-க்கு முடிங்கன்னு சொல்றார்.

விலையை மட்டும் குறைக்காதீங்க, வேலையையும் குறைங்க. பத்து பக்கத்தை ஏழாக்குங்க, இல்லைன்னா தமிழ் பக்கங்களை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. பழைய தாள்ல பேனாவால அடிச்சு மாத்தாம புது நம்பர், புது தேதி போட்டு, "முந்தைய கொட்டேஷன் ரத்து"ன்னு எழுதி அனுப்புங்க. தவணையும் மாறும்: 12,000, 12,000, 6,000.