கூட்டத்துப் போட்டோவுல இருக்கற முகத்துக்கு சாஃப்ட்வேர் வச்சு பேர் தேடலாமா? – கேள்வி பதில்

சத்துவாச்சாரி: அக்கா, கலெக்டர் ஆபீஸ் முன்னாடி ஷூ கம்பெனி பொண்ணுங்க உட்கார்ந்து போராடுன போட்டோ ஒண்ணு எங்க வாட்ஸ்அப் குரூப்புக்கு வந்துச்சு. யார் எடுத்ததுன்னு தெரியல. யார் யார் இருக்காங்கன்னு சாஃப்ட்வேர்ல போட்டுப் பார்த்தா இன்னா தப்பு?

முகத்த அடையாளம் காணுற சாஃப்ட்வேர சோதிச்சுப் பாக்கற வேலையில நான் பல வருஷம் இருந்தேன்ப்பா, அதனால மொதல்ல அந்த போட்டோவுல முகம்னு ஒண்ணு இருக்கான்னு கணக்கு போட்டுப் பாக்கலாம். போன்ல எடுக்கற போட்டோ அகலத்துல சுமாரா 4000 பிக்சல் இருக்கும், அதுல 20 மீட்டர் ரோடு விழுந்திருக்குன்னு வச்சுக்கோ, அப்போ ஒரு மீட்டருக்கு 200 பிக்சல். மனுஷனுக்கு ரெண்டு கண்ணுக்கு நடுவுல 6 சென்டிமீட்டர் சொச்சம்தான், அதாவது 12 பிக்சல். பாஸ்போர்ட் மாதிரி போட்டோவுக்கு அதே இடத்துல 90 பிக்சலாவது வேணும்னு வச்சிருக்காங்க. இதுல வாட்ஸ்அப் வேற படத்த சுருக்கிடும், 1600 பிக்சலுக்கு வந்துச்சுன்னா கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவுல மிஞ்சறது 5 பிக்சல்தான். முன்வரிசையில உட்கார்ந்தவங்களுக்கு கொஞ்சம் கூட இருக்கும், பின்னாடி நிக்கறவங்களுக்கு அதுவும் இல்ல.

இப்போ சாஃப்ட்வேர் என்ன பண்ணும்னா, எவ்ளோ சின்ன முகமா இருந்தாலும் தனக்கு வேண்டிய ஒரே சைஸுக்கு இழுத்துப் பெருசாக்கி, அத ஒரு வரிசை நம்பரா மாத்தி, தன்கிட்ட இருக்கற முகங்கள்ல எந்த நம்பர் கிட்ட வருதோ அத எடுத்துக் குடுக்கும். கிட்ட வர்ற ஆளுன்னு யாராவது ஒருத்தர் எப்பவும் இருப்பாங்க இல்லையா, அதனால "தெரியல"ன்னு அது தானா சொல்லாது, ஒரு அளவுக்குக் கீழ போனா விட்டுடுன்னு நாமதான் கோடு போட்டு வைக்கணும். மங்கலான போட்டோவுக்கு அந்தக் கோட்ட சரியா வச்சா ஒண்ணும் வராது, ஒண்ணும் வரலையேன்னு கோட்டக் கீழ இறக்குவாங்க, அங்கதான் சம்பந்தமே இல்லாத பொண்ணு பேர் வந்து விழும்.

காட்பாடி: அக்கா நான் இன்ஜினியரிங் மூணாவது வருஷம். இப்ப இருக்கற மாடல் எல்லாம் 99.8% அக்யூரசி. நீங்க சொல்றது பழைய கதை இல்லையா?

பாதி சரிதான் தம்பி. அந்த நம்பர் வர்றது ரெண்டு போட்டோவக் குடுத்து ஒரே ஆளா வேற ஆளான்னு கேக்கற டெஸ்ட்ல, அதுவும் பத்திரிகைக்காரங்க எடுத்த பளிச்னு இருக்கற போட்டோவுல. கூட்டத்துல தேடறது அந்தக் கேள்வியே இல்ல, ஒரு முகத்த லட்சம் முகத்தோட ஒப்பிடற வேலை.

நீயே கணக்கு போடு. பத்தாயிரம் தடவ ஒப்பிட்டா ஒரே ஒரு தடவதான் தப்பா "இவர்தான்"னு சொல்ற நல்ல சாஃப்ட்வேர்னு வச்சுக்கோ. லட்சம் பேர் இருக்கற லிஸ்ட்ல ஒரு முகத்தப் போட்டா 10 தப்பான ஆளு வருவாங்க. போட்டோவுல 200 பேர் உட்கார்ந்திருந்தா 2000 தப்பான பொருத்தம். உண்மையில அங்க இருந்த பொண்ணோட படம் அந்த லிஸ்ட்லயே இல்லாமக்கூட இருக்கலாம், அப்பவும் இந்த 10 பேர் வந்துடுவாங்க. இது நான் மனசுல போட்ட கணக்கு, நெசமா நடந்தது ஒண்ணு சொல்றேன்: 2017ல பிரிட்டன்ல கார்டிஃப் ஊர்ல சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் அன்னிக்கு சவுத் வேல்ஸ் போலீஸ் கேமரா வச்சு கூட்டத்துல முகம் தேடுனாங்க, 2470 தடவ அலாரம் அடிச்சுது, அதுல 2297 தப்பு. மாடல் அதுக்கப்புறம் ரொம்ப முன்னேறியிருக்கு, அத நான் மறுக்கல. ஆனா அஞ்சு பிக்சல் முகம் அஞ்சு பிக்சலாத்தான் இருக்கு.

ஆம்பூர்: எங்க கம்பெனியில முகம் காட்டி அட்டெண்டன்ஸ் போடற மெஷின் வச்சிருக்காங்க. காலையில தலையில துண்டு கட்டிகினு போனா என்னை எடுக்கவே மாட்டேங்குது, அரை நாள் சம்பளம் போச்சு. இது அந்தப் பிரச்சனைதானா அக்கா?

உங்க பிரச்சனை வேறம்மா. துண்டு நெத்திய மறைக்குது, இல்ல பின்னாடியிருந்து வெளிச்சம் அடிக்குது, துண்டோட ஒரு தடவ, துண்டு இல்லாம ஒரு தடவ உங்க முகத்தப் பதிஞ்சு தரச் சொல்லிக் கேளுங்க. கையெழுத்து நோட்டு ஒண்ணும் கூடவே வைக்கச் சொல்லுங்க, மெஷின் எடுக்கலன்னு கூலி போகக் கூடாது.

ஆனா நீங்க கேட்டதால ஒண்ணு சொல்லியே ஆகணும், ஏன்னா நான் அதிகம் பயப்படறது இந்த மெஷினுக்குத்தான். இவ்ளோ நேரம் தப்பான ஆளு வர்றதப் பத்தியே பேசினேன். லிஸ்ட் சின்னதா இருந்து, கூட்டத்துல இருக்கறவங்களே அந்த லிஸ்ட்லயும் இருந்தாங்கன்னா தப்பு ரொம்பக் குறைஞ்சுடும். ஒரு கம்பெனியில 600 பேர் முகம் மெஷின்ல இருக்கு, அந்த 600ல 150 பேர் ரோட்ல உட்கார்ந்திருக்காங்க, யாரோ முன்வரிசைய நல்ல கேமராவுல கிட்ட நின்னு எடுத்துட்டாங்க. அந்த போட்டோவ அதே மெஷின்ல போட்டா சரியாவே சொல்லும். சரியா சொல்றதுலதான் கொடுமை இருக்கு. அடுத்த வாரம் யார லைன் மாத்தறது, யார் கான்ட்ராக்ட புதுப்பிக்காம விடறதுன்னு ஒருத்தர் உட்கார்ந்த இடத்துலயே முடிவு பண்ணிடலாம், அந்தப் பொண்ணுக்கு ஏன்னே தெரியாது. நூறு பேரோட நூறு பேரா நின்னா நமக்குன்னு தனியா ஒண்ணும் ஆகாதுங்கற தைரியத்துலதான் அவ வீட்ட விட்டு வந்து உட்கார்ந்தா.

இது கற்பனை இல்ல. 2019ல மாஸ்கோவுல நிக்கலாய் க்ளூகின்னு ஒருத்தர் மெட்ரோவுல ஒரு அட்டை பொம்மையோட தனியா போராடிட்டுப் போனாரு. டெலிகிராம்ல வந்த போட்டோவ வச்சு அவர யாருன்னு கண்டுபிடிச்சு, சில நாள்ல மெட்ரோ ஸ்டேஷன்லயே பிடிச்சு 20,000 ரூபிள் ஃபைன் போட்டாங்க. ஆளு சரியான ஆளுதான். ஆனாலும் ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் 2023ல தீர்ப்பு சொல்றப்போ, அமைதியா போராடுன ஒருத்தர இப்படித் தேடுனது அவரோட அந்தரங்க உரிமையையும் கருத்துச் சொல்ற உரிமையையும் மீறுனதுன்னுதான் சொல்லுச்சு. அந்தத் தீர்ப்பு நம்ம ஊரக் கட்டுப்படுத்தாது, ஆனா அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு நம்ம சுப்ரீம் கோர்ட்டும் 2017லயே சொல்லிடுச்சு.

குடியாத்தம்: நான் ரிட்டயர்டு கண்டக்டர்மா. கூட்டத்துல ஒருத்தன் விட்ட கல்லுல என் பஸ் கண்ணாடி உடைஞ்சு டிரைவருக்கு நெத்தியில தையல். அவனத் தேடக் கூடாதுன்னு சொல்றீங்களா?

இல்லீங்க ஐயா, கல்லு விட்டவனத் தேடித்தான் ஆகணும். கல்லு விட்ட அந்த நிமிஷத்து வீடியோ, பக்கத்துக் கடை கேமரா, பார்த்தவங்க சாட்சி, இதெல்லாம் வச்சு ஒரு ஆளத் தேடறது ஒரு வேலை. அங்க நின்ன 200 பேர் முகத்தையும் போட்டு பேர் லிஸ்ட் எடுத்துட்டு அதுக்கப்புறம் அதுல கல்லு விட்டவன் யாருன்னு பாக்கறது வேற வேலை, அதுல 199 பேர் சும்மா மாட்டறாங்க.

இன்னொண்ணு, மெஷின் சொன்ன பேர் சாட்சி ஆகாது. அமெரிக்காவுல டெட்ராய்ட் ஊர்ல ராபர்ட் வில்லியம்ஸ்னு ஒருத்தர 2020 ஜனவரியில, வாட்ச் கடை திருட்டு வீடியோவுல இருந்த மங்கலான முகத்தோட பொருந்துதுன்னு, பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி கைவிலங்கு போட்டுக் கூட்டிட்டுப் போய் சுமார் 30 மணி நேரம் உள்ள வச்சாங்க. திருடுனது அவர் இல்லவே இல்ல. டெல்லி போலீஸ் 2022ல ஆர்டிஐ பதில்ல, 80%க்கு மேல ஒத்துப்போனா பொருத்தம்னு எடுத்துக்கறோம்னு சொன்னாங்க. கேக்கறவங்களுக்கு அது "நூத்துல 80 வாய்ப்பு இவர்தான்"ங்கற மாதிரி கேக்கும். அப்படி இல்லீங்க, அது ரெண்டு நம்பர் வரிசை எவ்ளோ கிட்ட இருக்குங்கற அளவு மட்டும்தான். அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் அந்த அளவு நல்லாவே வரும்.

குடியாத்தம்: நீங்க சொல்றது புரியுதும்மா, ஆனா கடை கேமராவும் இல்ல, சாட்சி சொல்லவும் யாரும் வரலன்னா? அவன் தப்பிச்சுடுவான். எனக்கு மனசு ஒப்பல.

தப்பிக்கலாம் ஐயா, உண்மைதான். கோர்ட் உத்தரவோட, அந்த ஒரு முகத்துக்கு மட்டும், கிடைச்ச பேர ஒரு துப்பா மட்டும் எடுத்துக்கிட்டு தேடலாம்னு சொல்றவங்க எங்க தொழில்லயே இருக்காங்க. நான் அதுக்கும் தயங்கறேன், ஏன்னா மெஷின் ஒரு பேரச் சொன்னப்புறம் விசாரிக்கறவங்க மனசு வேற பக்கம் திரும்பறதே இல்ல. இதுல உங்களுக்கும் எனக்கும் ஒத்து வராமலே போகலாம்.

ராணிப்பேட்டை: நான் ஏற்கனவே ஒரு வெப்சைட்ல போட்டுட்டேன் அக்கா. ரெண்டாவது வரிசையில இருக்கற பொண்ணுக்கு ஒரு பேஸ்புக் ஐடி காட்டுது, கன்னத்துல மச்சம்கூட அப்படியே இருக்கு. குரூப்புல சொல்லலாமா?

வேணாம்ப்பா, தயவுசெஞ்சு சொல்லாத. மச்சத்தையே எடுத்துக்கோ: மீட்டருக்கு 200 பிக்சல் இருக்கற போட்டோவுல 3 மில்லிமீட்டர் மச்சம் அரை பிக்சல் சொச்சம்தான் வரும், வாட்ஸ்அப்ல வந்த படத்துல கால் பிக்சல். நீ மச்சம்னு பாக்கறது படத்தச் சுருக்குனப்போ விழுந்த கறை. பேஸ்புக் படத்துல மச்சத்தப் பார்த்துட்டு இங்க வந்து தேடுனதால உன் கண்ணு அத மச்சமாக்கிடுச்சு. இதுக்கு நீயே ஒரு சோதனை பண்ணலாம், எந்த வெப்சைட்டும் வேணாம். உன் வீட்டுப் பொண்ணுங்க நாலஞ்சு பேரோட போட்டோவ எடுத்து, ரெண்டு கண்ணுக்கு நடுவுல 5 பிக்சல் வர்ற அளவுக்குச் சுருக்கி, திரும்பப் பெருசாக்கி, யார் யாருன்னு உன் அம்மாகிட்ட காட்டு. பெத்தவங்களே மாத்திச் சொல்லுவாங்க. தெளிவாக்கித் தர்ற ஆப்ல போட்டா அழகான ஒரு முகம் வரும், ஆனா அது அந்த ஆப் தானா வரைஞ்ச முகம்.

வந்த ஐடியயும் வெட்டுன படத்தையும் அழிச்சுடு. அந்த வெப்சைட்ல உன் தேடலையும் ஏத்துன படத்தையும் அழிக்க வழியிருந்தா அதையும் பண்ணிடு. அந்தப் பொண்ணுக்கு மெசேஜ் போட்டு "நீங்கதானா"ன்னு கேக்கவும் வேணாம், அவ இல்லன்னா பயந்துடுவா, அவளே இருந்தா இன்னும் பயந்துடுவா.

வாலாஜா: அப்போ போராட்ட போட்டோவ பிளர் பண்ணிப் போட்டா போதுமா?

லேசான பிளரும் கட்டம் கட்டமா மறைக்கறதும் போதாது, அந்த மாதிரி மறைச்ச முகத்தையும் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கண்டுபிடிக்கலாம்னு 2016லயே செஞ்சு காட்டிட்டாங்க. முகத்து மேல ஒரே கலர்ல முழுசா அடைச்சுடுங்க, அப்புறம் அத ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதப் போடுங்க, அப்போ எடுத்த இடம், நேரம் எல்லாம் படத்தோட போகாது. கழுத்துல தொங்கற ஐடி கார்டு, யூனிஃபார்ம் புடவை, நிறுத்தி வச்ச ஸ்கூட்டி நம்பர், இதையும் பாருங்க. முடிஞ்சா பின்னாடியிருந்து எடுங்க, பேனர்ல என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சா போதும் இல்லையா.

ஆற்காடு: எங்க தாத்தா 1965 இந்தி எதிர்ப்பு ஊர்வலத்துல போனவர். பழைய கூட்டத்துப் போட்டோ ஒண்ணு கிடைச்சிருக்கு, அவர் அதுல இருக்காரான்னு பாக்கணும். இதுவும் தப்பா?

இது தப்புன்னு என்னால சொல்ல முடியலங்க, உங்க தாத்தா உங்களுக்கு வேணும், யாரையும் மாட்டிவிட நீங்க தேடல. ஆனா வெப்சைட்ல போடாதீங்க, அங்க 1965ல எடுத்த முகம் எதுவும் இருக்கப்போறதில்ல, சாயல் வச்சு உங்க சித்தப்பா பேரோ யாரோ ஒரு பையன் பேரோதான் வரும். போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துக்கினு தாத்தா வயசுக்காரங்க உட்கார்ற இடத்துக்குப் போங்க. நடை, வேட்டி கட்டுன விதம், பக்கத்துல யார் நிக்கறாங்கன்னு பார்த்து அவங்க சொல்லுவாங்க. சொல்றவங்க தன்னையும் அதுல காட்டுனா, பேர எழுதிக்கலாமான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.